திருப்பிச் சொல்லாதவன் மறுக்கவில்லை

நடுவர் வைத்த கேள்வி: "பழைய வாத மரபில் ஒரு மறுப்பை நியாயமாக்குவது எது? எதிராளியின் கருத்தைச் சரியாக எடுத்துச் சொல்வதா, அதன் குற்றத்தைக் காட்டுவதா?"

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். எதிராளியின் கருத்தைச் சரியாக எடுத்துச் சொல்வதே மறுப்பை நியாயமாக்கும் என்பது எங்கள் கட்சி.

எதிரணித் தலைவர் நன்கு படித்தவர். வாத விதிகளைச் சொல்லும் பழைய வடமொழி நூலான நியாய சூத்திரம் தோல்விக்கான நிலைகள் 22 சொல்கிறது, அவற்றில் எதிராளியின் கூற்றைத் திருப்பிச் சொல்லாமை ஒன்றே ஒன்று, ஆகவே அது சின்ன விதி என்றார். எண்ணிக்கை சரி. ஆனால் அந்த ஒன்று எப்படி அமைந்திருக்கிறது என்பதை அவர் சொல்லாமல் விட்டுவிட்டார். நான் சொல்கிறேன்.

வாதி தன் கருத்தை மூன்று முறை சொல்லலாம். மூன்று முறை சொல்லியும் அவைக்கும் புரியவில்லை, எதிராளிக்கும் புரியவில்லை என்றால் தோற்றவன் வாதி. அவைக்குப் புரிந்துவிட்டது, ஆனால் எதிராளியால் அதைத் திருப்பிச் சொல்ல முடியவில்லை என்றால் தோற்றவன் எதிராளி. இரண்டுக்கும் சாட்சி அவைதான். புரியாத சொற்களை அடுக்கி மிரட்டுபவனும் தப்ப முடியாது. 'எனக்குப் புரியவில்லை' என்று நழுவுபவனும் தப்ப முடியாது. இதையா சின்ன விதி என்பது?

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் தம் வீட்டுச் சொத்துத் தகராறைக் கொண்டுவந்தார். அண்ணன் சொன்னதைப் பணிவாகத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தால் தம் பங்கு போயிருக்கும் என்றார். ஐயா, உங்கள் பங்கு கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் நாங்கள் பேசுவது பணிவைப் பற்றி அல்ல. திருப்பிச் சொல்வது மறுப்பின் முதல் வேலை. அதைக் கோபமாகவும் செய்யலாம்.

குற்றம் காட்டுவதே போதும் என்கிறீர்கள். சரி, ஒரு குற்றத்தையே எடுத்துக்கொள்வோம். மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையில் அறவண அடிகள் வாத முறையைக் கற்பிக்கிறார். சத்தம் நிலையில்லாதது என்பது துணிபு. அது செய்யப்படுவது என்பது காரணம். செய்யப்படும் எதுவும் நிலையாது, குடத்தைப் போல என்பது எடுத்துக்காட்டு. வரிசை செம்மையாக இருக்கிறது. இதே வாதத்தைச் சாங்கியத் தத்துவத்தை ஏற்ற ஒரு சாங்கியனிடம் சொல்லிப் பாருங்கள். சத்தம் செய்யப்படுகிறது என்பதையே அவன் ஒப்ப மாட்டான். முன்பே உள்ளது வெளிப்படுகிறது, அவ்வளவுதான் என்பான். உடனே அந்தக் காரணம் அவன் முன் செல்லாது. அடிகள் இதைக் காரணம்போலத் தோன்றிச் செல்லாமல் போகும் ஏதுப்போலிகளில் ஒன்றாக, அன்னியதராசித்தம் என்ற பெயரில் வைக்கிறார்.

கவனியுங்கள், வாக்கியத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. சத்தம் செய்யப்படுவது என்று ஒப்புபவனிடம் அதே காரணம் நிற்கிறது, சாங்கியனிடம் விழுகிறது. குற்றம் வாக்கியத்தில் மட்டும் இருந்தால் இது எப்படி நடக்கும்? எதிரே நிற்பவன் எதை ஒப்புகிறான் என்று தெரிந்தால்தான் அந்தக் குற்றம் கண்ணுக்கே தெரியும். ஆகவே உங்கள் கட்சி எங்கள் கட்சியின் மேல்தான் நின்றுகொண்டிருக்கிறது.

என் அணியின் இளைய தோழரையும் சற்றுத் திருத்த வேண்டும். நன்னூல் சொல்லும் ஏழு மதங்களில், அதாவது நூலாசிரியன் கொள்ளும் ஏழு நிலைப்பாடுகளில், 'பிறர்தம் மதமேற்கொண்டு களைவு' என்பதை எடுத்து, எதிராளிக்கு உடன்பட வேண்டும் என்று பேசிவிட்டார். பாதிதான் சரி. உடன்படல் அந்த ஏழில் தனியாக இருக்கிறது. இது பிறர் கருத்தை முதலில் எடுத்து நிறுத்தி, பிறகு களைவது. நன்னூல் நூல் செய்பவனுக்குச் சொன்னதை அவைக்கும் பொருத்துவது என் துணிவு. ஆனால் நூல்களில் அது நடந்திருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் பிற மதங்களை மறுக்கும் பகுதியான பரபக்கத்தில், கண்ணால் காண்பதே உண்மை என்னும் உலகாயதன் மதத்தை முதலில் அவன் வாயாலேயே பேசவிடுகிறார். மறுதலை அதன் பிறகே வருகிறது. உலகாயதனை அவ்வளவு அழகாகப் பேசவிட அவருக்கு என்ன அவசியம் என்று நான் படிக்கும்போதே வியந்ததுண்டு.

தலைவர் விதண்டையையும் தூக்கி வந்தார். தன் கட்சி எதையும் நிறுவாமல் எதிர்க்கட்சியை உடைப்பதையும் மரபு ஒப்பியது, முளைத்த பயிரைக் காக்கும் முள்வேலியைப் போல என்று நியாய சூத்திரமே சொல்கிறது என்றார். ஒப்புகிறேன். ஆனால் விதண்டை செய்பவனுக்குத் தன் கட்சிதான் வேண்டாம். உடைப்பதற்கு எதிராளியின் கட்சி வேண்டும். அதைத் தவறாக எடுத்தால் இல்லாத ஒன்றையே உடைத்திருப்பான். எதிராளி சொல்லுக்கு அவன் கருதாத பொருளை ஏற்றி வெல்வதைச் சலம் என்று அதே நூல் தனியே ஒதுக்குகிறது.

தலைவரின் ஒரு கேள்வி மட்டும் இன்னும் நிற்கிறது. பௌத்தத் தருக்க அறிஞர் தருமகீர்த்தி, திருப்பிச் சொல்ல வேண்டும் என்ற இந்த விதியையே எதிர்த்தார். முழுவதையும் ஒப்பிக்க வேண்டியதில்லை, மறுக்கப்போகும் பகுதியைச் சொன்னால் போதும் என்றார். நியாயமான வாதம்தான். ஆனால் எந்தப் பகுதி போதும் என்பதை மறுப்பவனே தீர்மானித்தால், வசதியான பகுதியை மட்டும் அவன் எடுத்துக்கொள்ள மாட்டான் என்பதற்கு யார் பொறுப்பு? அவையா, எதிராளியா? எனக்கு விடை உறுதியாகவில்லை. எதிரணியின் மூன்றாவது பேச்சாளர் இதற்குப் பதில் சொல்லட்டும். அதற்கு முன் நான் சொன்னதை ஒருமுறை அவையில் திருப்பிச் சொல்லும்படி நடுவர் அவரைக் கேட்க வேண்டும்.