மூன்றில் ஒன்றும் 0.33-ம் ஒரே புள்ளியா?

[காட்சி: கொழிஞ்சாம்பாறையில் ஒரு வீட்டுத் திண்ணை, கரும்பலகை, தையல் டேப்]

வணக்கமுங்க. போன வாரம் டியூஷனில் 0.4, 1/3, 0.33 மூன்றையும் எண்கோட்டில் வைக்கச் சொன்னேன். பாதிப் பேர் 0.33-ஐ 0.4-க்கு வலப்பக்கம் வைத்துவிட்டார்கள். "நாலை விட முப்பத்திமூணு பெருசுதானே, மாமா?" என்றாள் அக்கா மகள். 0.4-ஐ 0.40 என்று எழுதச் சொன்னேன். நாற்பதும் முப்பத்திமூன்றும் பக்கத்தில் நின்றதும் அவளே அழித்து மாற்றிவிட்டாள். அது அத்தோடு முடிந்தது.

சிக்கல் 1/3, 0.33 இரண்டில்தான். இரண்டுக்கும் எல்லோரும் ஒரே புள்ளி வைத்தார்கள்.

[காட்சி: பலகையில் 90 செ.மீ. கோடு. இடது முனை 0, வலது முனை 1]

டேப்பை வைத்துப் பாருங்கள். மூன்றில் ஒன்று சரியாக 30 செ.மீ.யில் விழும். 0.33 விழுவது 29.7-ல். இடைவெளி வெறும் 3 மில்லிமீட்டர். சாக்பீஸ் புள்ளியே அவ்வளவு தடிமன் இருக்கும், பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது.

அதனால் கோட்டை நீட்டுவோம்.

[காட்சி: தென்னந்தோப்பு ஓரத்துச் சாலை]

இந்தச் சாலையில் ஒரு கிலோமீட்டர்தான் இப்போது நம் எண்கோடு. 0.33 என்றால் 330 மீட்டர். ஆயிரத்தை மூன்றாகப் பங்கிட்டால் 333 மீட்டரும் 33 செ.மீ. சொச்சமும் வரும். நடுவில் மூன்றே கால் மீட்டருக்கு மேல் இருக்கிறது, ஒரு மாட்டுவண்டியே நிறுத்தலாம்.

இன்னொரு 3 சேர்த்து 0.333 ஆக்கினால் 333 மீட்டர். இடைவெளி 33 செ.மீ.க்கு இறங்கும். 0.3333 என்றால் மூன்று செ.மீ. சொச்சம். ஒவ்வொரு 3-க்கும் இடைவெளி பத்தில் ஒன்றாகச் சுருங்கும். எந்த 3-இல் நிறுத்தினாலும் கொஞ்சம் பாக்கி நிற்கும். பத்து, நூறு, ஆயிரம் எதுவும் மூன்றால் மீதியின்றி வகுபடாது, காரணம் அதுதான். அரை, கால், அரைக்கால் எல்லாம் 0.5, 0.25, 0.125 என்று முடிந்துவிடும். நம் தாத்தாக்கள் பேர் வைத்த இந்தப் பின்னங்களில் அந்தத் தொல்லை இல்லை.

[காட்சி: மீண்டும் பலகை]

டேப் இல்லாமல் கண்டுபிடிக்க, மூன்றால் பெருக்குங்கள். 1/3 மூன்று முறை சேர்ந்தால் 1. 0.33 மூன்று முறை சேர்ந்தால் 0.99, ஒன்றுக்கு எட்டவில்லை. ஆக 0.33 இடப்பக்கம், அடுத்து 1/3, அப்புறம் 0.4.

இதை வைத்து, "தசமம் எப்போதும் கொஞ்சம் குறைச்சல்" என்று மனப்பாடம் செய்துவிடாதீர்கள். 2/3-ஐயும் 0.67-ஐயும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றால் பெருக்கினால் ஒன்று 2, மற்றது 2.01. கடைசி 6-ஐ 7 ஆக ஏற்றி எழுதியதால் இங்கே தசமம்தான் வலப்பக்கம் நிற்கிறது.