பேசியவர் போன பிறகு மிஞ்சும் ஸ்லைட்டுகள்

அவையோருக்கு வணக்கம்.

இன்று யாழ்ப்பாணத்தில் சிறிய சங்கமானாலும் கடையானாலும் ஒரு பவர்பாயின்ட் கோப்பு இல்லாமல் இல்லை. நிதி கேட்பதற்கோ கண்காட்சியில் காட்டுவதற்கோ யாரோ ஒருவர் இரவிரவாக விழித்திருந்து செய்தது அது. பிறகு இணையத்தளம் வேண்டும் என்று முடிவாகிறது. அதே கோப்பை வடிவமைப்பாளருக்கு அனுப்பி, "எல்லாம் இதில் இருக்கிறது, போட்டுவிடுங்கள்" என்று சொல்லிவிடுகிறோம். எல்லாம் அதில் இல்லை. பாதிதான் இருக்கிறது. மற்றப் பாதி அதைக் காட்டிப் பேசியவரின் வாயில் இருக்கிறது. ஸ்லைட்டுகளை இணையத்தளத்துக்கான உள்ளடக்க வரைவாக மாற்றுவது என்றால், முதல் வேலை அந்த வாய்ப்பேச்சை மீட்டெடுப்பதுதான்.

ஒரு பனம்பொருள் உற்பத்திச் சங்கத்தை எடுத்துக்கொள்வோம். அவர்களிடம் 18 ஸ்லைட்டுகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வரவேற்பு, நிகழ்ச்சி நிரல், சங்கத்தின் வரலாறு, நோக்கம், நிர்வாகக் குழு, உற்பத்திகள், விற்பனை வளர்ச்சி வரைபடம், எதிர்காலத் திட்டம், கடைசியில் பூங்கொத்துப் படத்துடன் ஒரு நன்றி. இந்த வரிசையை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

முதலில் எழுத்தை வெளியே எடுக்க வேண்டும். பவர்பாயின்ட்டில் `View` போய் `Outline View` அழுத்தினால் எல்லா ஸ்லைட்டுகளின் எழுத்தும் ஒரே நிரலில் வரும். ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. வார்ப்புருவில் ஏற்கெனவே இருந்த பெட்டிகளில் தட்டிய எழுத்து மட்டுமே அங்கே தெரியும். தனியாகப் பெட்டி வரைந்து எழுதியதும், படமாக ஒட்டிய எழுத்தும் வராது. நம்மவர்கள் செய்யும் ஸ்லைட்டுகளில் முக்கியமானவை பெரும்பாலும் அந்தத் தனிப் பெட்டிகளிலும் படங்களிலும்தான் கிடக்கும். அதனால் பக்கத்தில் ஸ்லைட்டைத் திறந்து வைத்து, ஒவ்வொன்றாகச் சரிபார்க்கத்தான் வேண்டும். கீழே பேச்சாளர் குறிப்புகள் ஏதும் எழுதப்பட்டிருந்தால் `File`, `Export`, `Create Handouts` என்ற வழியில் வேர்ட் கோப்பாக எடுத்துக்கொள்ளலாம். குறிப்பே இல்லையென்றால், அந்தக் கோப்பை வழக்கமாகக் காட்டிப் பேசுபவரைப் பிடித்து ஒருமுறை முழுவதும் பேசவைத்து, கையடக்கத் தொலைபேசியில் பதிவுசெய்யுங்கள். இதை விடச் சிறந்த மூலம் கிடையாது.

ஏன் என்பதற்கு அந்த உற்பத்திகள் ஸ்லைட்டைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். தலைப்பு "எமது உற்பத்திகள்". கீழே நான்கு படங்கள், நான்கு சொற்கள்: பனங்கட்டி, ஒடியல், புழுக்கொடியல், பனாட்டு. அவ்வளவுதான். முதல் படமான பனங்கட்டியைக் காட்டும்போது சங்கத்துத் தலைவி என்ன சொல்வார்? "இது கருப்பநீரைக் காய்ச்சி எடுத்தது. முட்டிக்குள் சுண்ணாம்பு தடவித்தான் இறக்குவோம், இல்லாவிட்டால் புளித்துவிடும். சீனி ஒரு துளியும் சேர்ப்பதில்லை. ஓலைக் குட்டானில்தான் தருவோம். ஈரம் பட்டால் இளகும், மூடி வையுங்கள். பருவத்தில் மட்டும்தான் புதிதாகக் கிடைக்கும்." ஸ்லைட்டில் இதில் ஒரு சொல்லும் இல்லை. ரொறன்ரோவில் இருந்து வாங்க நினைக்கும் ஒருவருக்கு வேண்டியதோ இது எல்லாம்தான்.

இப்போது அந்த ஒரு சொல் ஒரு பக்கமாகிறது. பக்கத் தலைப்பு "பனங்கட்டி". அதன் கீழே ஒரே வரியில் அறிமுகம்: "பனையின் கருப்பநீரைக் காய்ச்சி, சீனி சேர்க்காமல் செய்து, ஓலைக் குட்டானில் கட்டித் தருகிறோம்." பிறகு பிரிவுகள். "எப்படிச் செய்கிறோம்" என்பதில் சுண்ணாம்புக் கதை வரும். "எப்படி வைத்திருப்பது" என்பதில் ஈரமும் மூடியும் வரும். "எப்போது கிடைக்கும்" என்பதில் பருவம். "அளவும் விலையும்" என்று நான்காவது ஒன்று. இந்த நான்காவதற்கு ஸ்லைட்டிலும் பதில் இல்லை, பேச்சிலும் இல்லை. நிதி தருபவர் ஒரு குட்டான் என்ன விலை என்று கேட்கப் போவதில்லை அல்லவா? அதை நீங்களாக நிரப்பாதீர்கள். "விலை: பொருளாளர் தர வேண்டும்" என்று வரைவில் மஞ்சள் நிறம் பூசி விடுங்கள். வெற்றிடம் கண்ணில் பட வேண்டும். "நியாயமான விலையில் கிடைக்கும்" போன்ற வரிகளால் மூடப்பட்ட வெற்றிடத்தை யாரும் பிறகு திரும்பிப் பார்ப்பதில்லை.

தலைப்புகளைப் பெரிய எழுத்தாக்கித் தடிப்பாக்கினால் போதாது. வேர்ட்டில் பக்கத்தின் பெயருக்கு `Heading 1`, பிரிவுகளுக்கு `Heading 2` என்ற பாணிகளையே இடுங்கள். ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு `Heading 1`. கண்பார்வையற்றவர்கள் பலர் திரைவாசிப்பான் மூலம் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவிப் பக்கத்தைப் படிக்கிறார்கள். தடித்த எழுத்து அவர்களுக்குத் தலைப்பாகத் தெரியாது.

அடுத்தது எதை விடுவது என்பது. வரவேற்பு, நிகழ்ச்சி நிரல், நன்றி ஆகியவை மேடைக்கு உரியவை. அவற்றை யோசிக்காமல் நீக்கலாம். விற்பனை வரைபடம் நிதி தருபவருக்காகப் போட்டது. வாங்க வருபவருக்கு அதில் வேலையில்லை. அறையில் பத்துப் பேருக்குக் காட்டிய கணக்கை உலகுக்குக் காட்ட வேண்டுமா என்பதையும் சங்கம்தான் தீர்மானிக்க வேண்டும். உறுப்பினர்களின் படங்களும் அப்படியே. அடுப்படியில் நிற்கும் அம்மாவிடம் மீண்டும் ஒருமுறை கேட்காமல் இணையத்தில் போடாதீர்கள். "இந்த ஆண்டு", "அண்மையில்" என்ற சொற்கள் வரும் இடமெல்லாம் ஆண்டை எழுதுங்கள். மேடையில் அவை அன்று மட்டும் உண்மையாக இருந்தால் போதும், பக்கத்திலோ வருடக்கணக்கில் கிடக்கும்.

இனி மெனு. ஸ்லைட் வரிசையை அப்படியே மெனுவாக்குவதைப் போலக் கெட்ட பழக்கம் வேறில்லை. பேசுபவர் தன்னைப் பற்றித் தொடங்கி, பொருளுக்கு வந்து, கோரிக்கையில் முடிப்பார். அவையோர் எழுந்து போக முடியாதவர்கள், அதனால் அது செல்லும். இணையத்தில் வருபவர் ஒரு கேள்வியோடு வருகிறார், பதில் கிடைக்காவிட்டால் போய்விடுகிறார். ஆகவே வரலாறு, நோக்கம், நிர்வாகக் குழு என்ற மூன்று ஸ்லைட்டுகளும் "எங்களைப் பற்றி" என்ற ஒரே பக்கத்தில் மூன்று பிரிவுகளாக ஒடுங்கும். உற்பத்திகள் என்ற ஒரு ஸ்லைட் நான்கு பக்கங்களாக விரியும். மெனு இப்படி நிற்கும்: முகப்பு, பொருட்கள், வாங்கும் வழி, மொத்த விற்பனை, எங்களைப் பற்றி, தொடர்பு. பொருட்களின் கீழே அந்த நான்கும். "வாங்கும் வழி" எந்த ஸ்லைட்டிலும் இல்லாத பக்கம், ஆனால் முதலில் எழுத வேண்டியது அதுதான். எவ்வளவு அனுப்புவீர்கள், எங்கே அனுப்புவீர்கள், பணம் எப்படிக் கட்டுவது என்பவை அங்கே இருக்க வேண்டும். பெயர்கள் குறுகியிருப்பதைக் கவனியுங்கள். "எமது பாரம்பரிய உற்பத்திப் பொருட்கள்" என்று வைத்தால் சிறிய திரையில் இரண்டு மூன்று வரியாக மடியும்.

மெனு சரியா என்று அறிய வடிவமைப்பாளர் வரைந்து தரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அந்த ஆறு பெயர்களையும் ஒரு தாளில் எழுதி, சங்கத்தோடு தொடர்பே இல்லாத ஐந்தாறு பேரிடம் நீட்டுங்கள். "கொழும்பில் இருக்கும் உங்கள் தங்கைக்கு ஒடியல் மா அனுப்ப வேண்டும். எதை அழுத்துவீர்கள்?" என்று கேளுங்கள். விளக்கம் எதுவும் சொல்லாதீர்கள். அவர்களில் மூவர் "பொருட்கள்" என்றும் மூவர் "வாங்கும் வழி" என்றும் காட்டினால் குற்றம் அவர்கள்மேல் இல்லை. ஒடியல் பக்கத்தின் அடியில் "வாங்கும் வழி"க்கு ஓர் இணைப்பு வைத்தால் இரு சாராரும் போய்ச் சேருவார்கள். யாருமே காட்டாத பெயர் ஒன்று இருந்தால் அதை வேறொன்றின் கீழே கொண்டுபோங்கள். "மொத்த விற்பனை"யைத் தனியாக விடலாமா என்று எனக்கே ஐயம் உண்டு. கடைக்காரர் இரண்டு பேரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

வரைவை ஒப்படைக்கும் முன் ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் மூன்று விடயங்களை எழுதுங்கள்: எந்த ஸ்லைட்டில் இருந்து வந்தது, மஞ்சள் இடத்தை நிரப்பப் போகிறவர் யார், எந்தத் திகதிக்குள். அந்தத் திகதிக்கு மஞ்சள் போகாத பக்கத்தை மெனுவில் சேர்க்காமல் தளத்தைத் திறங்கள். பிறகு சேர்ப்பது ஒரு நிமிட வேலை.