பங்கு எவ்வளவு, சம்பளம் எவ்வளவு?

நேயர்களுக்கு வணக்கம். கூட்டு வியாபாரப் பத்திரத்தில் எதை எழுத வேண்டும் என்பதை இன்று ஒரு சிறு கதையாகச் சொல்கிறேன். கதை கற்பனை. அதில் வரும் சட்டம் 1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம்.

சரவணன் பெரியப்பா மகன், முத்து சித்தப்பா மகன். குடும்ப ஜவுளிக்கடையை இருவரும் சேர்ந்து எடுத்து நடத்துகிறார்கள். முதல் போட்டதில் சரவணன் பங்கு 15 லட்சம், முத்து பங்கு 5 லட்சம். சரவணனுக்கு வேறு வேலை உண்டு. காலையில் கடை திறப்பதிலிருந்து இரவு கல்லாவை எண்ணிப் பூட்டுவது வரை எல்லாம் முத்துதான். வங்கிக் கணக்குக்காக யாரோ கொடுத்த மாதிரியைப் பார்த்து இரண்டு பக்கப் பத்திரம் ஒன்று எழுதியிருந்தார்கள். அதில், "லாப நட்டம் பங்குதாரர்கள் அவ்வப்போது பேசி முடிவு செய்தபடி" என்று ஒரு வரி. பேசத்தான் இல்லை.

ஆண்டுக் கணக்கு முடிந்தபோது லாபம் 12 லட்சம். முக்கால் பங்கு முதல் தன்னுடையது என்பதால் 9 லட்சம் தனக்கு என்றான் சரவணன்.

"அண்ணே, நான் மாசம் 25,000 எடுத்தது சம்பளம். அதைக் கழிச்சிட்டு மீதியைப் பாதிப் பாதியாப் பிரிக்கணும்" என்றான் முத்து.

ஆடிட்டர் இருவர் கணக்கையும் ஏற்கவில்லை. பத்திரம் பேசாத இடத்தில் சட்டத்தின் 13-ஆம் பிரிவு பேசும். அதன்படி முதல் எவ்வளவு போட்டிருந்தாலும் லாபம் சரிபாதி. முதலுக்கு வட்டி கிடையாது. கடையில் உழைத்ததற்குச் சம்பளமும் கிடையாது. தீபாவளிக் கொள்முதலுக்கென்று சரவணன் ஆண்டுத் தொடக்கத்திலேயே தன் முதலுக்கு மேல் கொடுத்த 4 லட்சத்துக்கு மட்டும் ஆண்டுக்கு 6 சதவீத வட்டி, அதாவது 24,000 ரூபாய் உண்டு. அது போக மீதி 11,76,000. ஆளுக்கு 5,88,000.

முத்து மாதாமாதம் எடுத்த 3 லட்சம் சம்பளம் இல்லை, அவன் பங்கிலிருந்து முன்கூட்டி எடுத்த பணம். அதனால் அவனுக்கு இனி வரவேண்டியது 2,88,000 மட்டுமே. பேரேட்டில் தன் பெயருக்குக் கீழே அந்த 3 லட்சம் பற்றாக ஏறியிருப்பதைப் பார்த்த பிறகுதான் புதுப் பத்திரம் எழுதலாம் என்று முத்துவே கேட்டான்.

இந்த முறை மூன்றையும் தனித்தனியாக எழுதினார்கள். போட்ட முதலுக்கு 12 சதவீத வட்டி. வருமான வரிக் கணக்கில் பங்குதாரர் வட்டியைச் செலவாகக் காட்ட அதுதான் உச்சவரம்பு, அதுவும் பத்திரத்தில் எழுதியிருந்தால்தான். கடையைப் பார்த்துக்கொள்ளும் முத்துவுக்கு மாதம் 25,000 சம்பளம். மீதியில் சரவணனுக்கு 60, முத்துவுக்கு 40.

அதே 12 லட்சத்தில், 4 லட்சத்துக்கான அந்த 24,000 வட்டியையும் சரவணனுக்குச் சேர்த்து இந்தக் கணக்கில் பிரித்தால் சரவணனுக்கு 5,85,600, முத்துவுக்கு 6,14,400. "சட்டப்படி பிரிச்சாலே எனக்கு 6,12,000 வந்திருக்குமே?" என்றான் சரவணன். கேள்வி நியாயம்தான். லாபம் 20 லட்சமானால் புதுப் பத்திரப்படி அவனுக்கு 10,65,600 வரும், முத்துவுக்கு 9,34,400தான். லாபம் 6 லட்சமாகக் குறைந்தால் முத்துவுக்கு 3,74,400, சரவணனுக்கு 2,25,600. நல்ல ஆண்டில் முதல் போட்டவனுக்கும், மந்தமான ஆண்டில் உழைத்தவனுக்கும் கை கொடுக்கும் ஏற்பாடு இது. ஒரே ஓர் ஆண்டின் லாபத்தை வைத்துப் பத்திரத்தை எடை போடக்கூடாது.

நட்டம் வந்தால்? இந்தக் கேள்வியைப் பலர் விட்டுவிடுவார்கள். வேறுவிதமாக எழுதாதவரை முதலுக்கான வட்டியை லாபத்திலிருந்துதான் கொடுக்க முடியும், லாபம் இல்லாத ஆண்டில் அது இல்லை. முத்துவின் சம்பளம் அப்போதும் உண்டா என்பதைச் சட்டம் சொல்லாது. "லாபம் இருந்தாலும் இல்லாவிட்டாலும்" என்று ஒரு தொடர் சேர்ப்பதா வேண்டாமா என்றுதான் இருவரும் அதிக நேரம் வாதாடினார்கள். கடைசியில் நட்ட ஆண்டில் பாதிச் சம்பளம் என்று எழுதினார்கள்.

கையெழுத்தானதும் கூட்டாண்மை நிறுவனப் பதிவாளரிடம் பதிவு செய்தார்கள். பதிவு கட்டாயமில்லைதான். ஆனால் சீருடைத் துணியைக் கடனுக்கு வாங்கிய ஒருவர் 2 லட்சம் பாக்கி வைத்தால், பதிவில்லாத நிறுவனம் அதைக் கேட்டு வழக்குப் போட முடியாது. வழக்குப் போட்ட பிறகு பதிவு செய்தாலும் அந்த வழக்கு நிற்காது, பதிவுக்குப் பின் புதிதாகத்தான் போட வேண்டும். அதற்குள் பாக்கி விழுந்து 3 ஆண்டு கடந்துவிட்டால், காலவரம்புச் சட்டம் குறுக்கே வந்துவிடும்.