கை ஸ்கொயர் டேபிள்ல ஒரு எண் அழிஞ்சிருந்தா?

கேள்வி: “சார், 250 கிராம் டீ பாக்கெட் 10 எடை போட்ட கணக்கு. மாதிரியோட திட்ட விலக்கம் 4 கிராம். மொத்த பாக்கெட்டோட திட்ட விலக்கத்துக்கு 95 சதவீத நம்பிக்கை இடைவெளி எனக்கு 2.75-ல இருந்து 8.28 வருது. விடைப் பக்கத்துல மேல் எல்லை 7.30-னு இருக்கு. ஸ்கேன் பண்ண டேபிள்ல 19.023, 2.100-னு படிச்சேன். எங்க தப்பு?”

சூத்திரம் சரியாத்தான் போட்டிருக்கீங்க. தப்பு அந்த 2.100-ல. அது 2.700. ஸ்கேன்ல 7-ஓட மேல்கோடு மங்கிப்போனா 1 மாதிரியே தெரியும்.

இதைக் கண்டுபிடிக்க வேற டேபிள் தேடவே வேண்டாம். 10 பாக்கெட், அதுல ஒண்ணு கழிச்சா டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் 9, அதான் உங்க வரி. அதே நிரல்ல ஒரு வரி மேல பாருங்க. டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் 8-க்கு 2.180, கீழே 10-க்கு 3.247. இந்த டேபிள்ல எந்த நிரலா இருந்தாலும் கீழே போகப் போக எண் கூடிக்கிட்டேதான் போகும். நடுவுல 2.100 எப்படி வரும்? மேல இருக்கிறதை விடச் சின்னதாயிடுதே. 2.700 போட்டுப் பாருங்க, 8-ல இருந்து 9-க்கு 0.520 கூடுது, 9-ல இருந்து 10-க்கு 0.547. சீரா ஏறுது. சந்தேகமான எண் எதுவா இருந்தாலும் மேல, கீழ ரெண்டு எண்ணையும் கழிச்சுப் பாத்துடுங்க.

இப்ப கணக்கு. டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் 9 பெருக்கல் 4-ஓட வர்க்கம் 16, 144. அதை 19.023-ஆல வகுத்தா 7.57, வர்க்கமூலம் 2.75. 2.700-ஆல வகுத்தா 53.33, வர்க்கமூலம் 7.30. விடை வந்துடுச்சு.

ஒண்ணு கவனிச்சீங்களா, 19.023-ஐ நீங்க 19.823-னு படிச்சிருந்தாக்கூட கீழ் எல்லை 2.70-தான் ஆயிருக்கும், பெருசா ஒண்ணும் கெட்டுப்போகாது. ஆனா 2.7-ல ஒரு இலக்கம் மாறினதும் மேல் எல்லை ஒரு கிராம் தாவிடுச்சு. சின்ன எண்ணால வகுக்கிறோம்ல, அதான். அதனால மாதிரி சின்னதா இருக்கும்போது அந்தச் சின்ன எண்ணைத்தான் ரெண்டு தடவை பாக்கணும். பலர் பெரிய எண்ணையே உத்துப் பாப்பாங்க.

இதை விட மோசமான தப்பு ஒண்ணு இருக்கு, அது கண்ணுக்கே தெரியாது. பக்கம் லேசா சாஞ்சு ஸ்கேன் ஆகியிருக்கும். இடது ஓரத்துல 9-னு விரல் வெச்சு வலது பக்கம் போறதுக்குள்ள 10-ஆவது வரிக்கு இறங்கிடுவோம். 20.483, 3.247 எடுப்போம். விடை 2.65-ல இருந்து 6.66. பாக்க அழகா இருக்கும், யாருக்கும் சந்தேகமே வராது. உங்க டேபிள்ல 0.50 நிரல் இருந்தா அதே வரியில அதையும் படிங்க. அங்க வர எண், டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடமை விட ஏறக்குறைய 0.67 குறைவா இருக்கும். 9-க்கு 8.343. அங்க 9.342 இருந்தா நீங்க ஒரு வரி கீழ நிக்கிறீங்க. அந்த நிரல் இல்லாத டேபிளா இருந்தா, பிரிண்ட் எடுத்து ஸ்கேலை அச்சு வரிக்கு நேரா சாய்ச்சு வெச்சுப் படிங்க.

அப்புறம், தலைப்புல 0.025-னு போட்டிருக்கிற நிரல் எல்லா டேபிள்லயும் ஒண்ணு இல்ல. சில டேபிள் வலது பக்க வால் பரப்பைப் போடும், அங்க 0.025-க்குக் கீழ 19.023 இருக்கும். சிலது இடது பக்கம் இருந்து சேர்ந்து வர பரப்பைப் போடும், அங்க அதே 0.025-க்குக் கீழ 2.700. எந்தப் பரப்புன்னு காட்ட டேபிளுக்கு மேல போட்டிருக்கிற படம் ஸ்கேன்ல வெட்டுப்பட்டுப் போயிருந்தாலும் பரவாயில்ல. 9-ஐ விடப் பெரிய எண் ஒண்ணு, சின்ன எண் ஒண்ணு, ரெண்டும் உங்க கையில இருக்கணும். பெரிய எண்ணால வகுத்தா கீழ் எல்லை, சின்ன எண்ணால வகுத்தா மேல் எல்லை.

கம்ப்யூட்டர் பக்கத்துல இருந்தா எக்செல்ல இதை அடிச்சுச் சரிபார்த்துக்கலாம்:

```
=CHISQ.INV(0.025,9)
=CHISQ.INV.RT(0.025,9)
```

முதல்ல வரது 2.700, அடுத்தது 19.023.

கமெண்ட்ல இன்னொருத்தர், 4-க்கு ரெண்டு பக்கமும் தூரம் ஏன் சமமா இல்லன்னு கேட்டிருந்தார். கீழ 1.25, மேல 3.30. கை ஸ்கொயர் பரவலே வலது பக்கம் இழுத்த மாதிரி இருக்கும், அதனால அப்படித்தான் வரும். சராசரிக்குப் பண்ற மாதிரி கூட்டல் கழித்தல் போட்டு இதை எழுதக்கூடாது.

அதோட, இந்த முறை எடைகள் இயல்நிலைப் பரவல்ல இருந்தாத்தான் செல்லும். மாதிரி பெருசா எடுத்தா சரியாயிடும்னு சராசரிக்குச் சொல்வோம்ல, அது இங்க செல்லாது. ஓரத்துல தனியா நிக்கிற எடைகள் அடிக்கடி வர மெஷினா இருந்தா, 100 பாக்கெட் எடுத்தாலும் இந்த இடைவெளி உண்மையை விடக் குறுகலாத்தான் வரும். 10 எடையையும் முதல்ல ஒரு கோட்டுல புள்ளி வெச்சுப் பாத்துட்டு அப்புறம் டேபிளைத் திறங்க.