பெட்டிக்குள் போன குரூப்பும் வாய் மூடிய குரூப்பும்

நேயர்களுக்கு வணக்கம்.

என்னுடையது சின்ன செல்போன் சர்வீஸ் கடை. டிஸ்பிளே மாற்றுவது, பேட்டரி மாற்றுவது என்றுதான் நாள் போகும். ஆனால் போன மாதம் ஒரு அம்மா வந்து, "தம்பி, என் போன்ல வாட்ஸ்அப் ரிப்பேர், மெசேஜ் வந்தா சத்தமே வரமாட்டேங்குது" என்றார். வாங்கிப் பார்த்தேன். நான் அனுப்பிய மெசேஜுக்கு டிங் என்று சத்தம் வந்தது. போனில் எந்தக் குறையும் இல்லை.

நடந்தது இதுதான். அவர் குடியிருக்கும் அபார்ட்மென்ட்டில் தண்ணீர்த் தொட்டி கழுவினார்கள். மறுநாள் காலை 6 மணியிலிருந்து மதியம் 2 மணி வரை தண்ணீர் வராது என்று செயலாளர் முந்தின இரவே குரூப்பில் போட்டுவிட்டார். மற்ற வீடுகளில் எல்லாம் குடம் நிரம்பியது. இவர் காலையில் குழாயைத் திறந்தால் வெறும் காற்று. "யாரும் ஒரு வார்த்தை சொல்லலையே" என்று பக்கத்து வீட்டில் சண்டைக்கே போயிருக்கிறார்.

அவருடைய வாட்ஸ்அப்பைத் திறந்தேன். பட்டியலின் உச்சியில் "Archived" என்று ஒரு வரி, அதன் ஓரத்தில் 1 என்ற எண். "ஒரு மெசேஜ்தானே, அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டுட்டேன்" என்றார். அந்த 1 ஒரு மெசேஜைக் குறிப்பதில்லை. உள்ளே போட்டு வைத்த சாட்களில் எத்தனை சாட்டில் படிக்காதது கிடக்கிறது என்பதைத்தான் அது சொல்கிறது. தொட்டுப் பார்த்தோம். ஒரே குரூப், அதில் படிக்காத மெசேஜ் 214. காலை வணக்கம், ரோஜாப்பூ, மாடியில் காயப்போட்ட துணி காணவில்லை என்ற புகார், இவற்றுக்கு நடுவே எங்கேயோ தண்ணீர் அறிவிப்பு.

மூன்று மாதத்துக்கு முன்னால் ரோஜாப்பூத் தொல்லை தாங்காமல் அந்தக் குரூப்பை அவரே ஆர்க்கைவ் செய்திருக்கிறார். செய்ததும் நினைவிருக்கிறது. "ஆனா முன்னாடியெல்லாம் புது மெசேஜ் வந்தா அதுவே வெளியே வந்துடுமே தம்பி?" என்று கேட்டார். அவர் சொன்னது சரிதான், பழைய கணக்கில். முன்பு வாட்ஸ்அப்பில் ஆர்க்கைவ் செய்த சாட்டுக்கு அடுத்த மெசேஜ் வந்தவுடன் அது துள்ளிக் குதித்துப் பட்டியலுக்கு வந்துவிடும். 2021 ஜூலையில் இதை மாற்றினார்கள். அதற்குப் பிறகு, நாமாக வெளியே எடுக்கும் வரை அது உள்ளேயே கிடக்கும், புது மெசேஜுக்குச் சத்தமும் வராது. பழைய வழக்கம் வேண்டுமென்றால் அதற்கும் வழி இருக்கிறது. "Settings" போய், "Chats" தொட்டால், "Keep chats archived" என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். அதை அணைத்துவிட்டால் பழையபடி மெசேஜ் வந்ததும் சாட் வெளியே வந்துவிடும்.

ஆக, ஆர்க்கைவ் என்பது சாட்டை முன்னறையிலிருந்து பரணுக்கு ஏற்றுவது. எதுவும் அழியாது. அப்படியே இருக்கும், கண்ணில் மட்டும் படாது. இதைத் தெரியாமல் பயந்து ஓடி வருகிறவர்களும் உண்டு. செட்டிங்ஸில் எல்லாச் சாட்டையும் ஒரேயடியாக ஆர்க்கைவ் செய்யும் பொத்தான் ஒன்று இருக்கிறது. அதில் விரல் பட்டு, காலியான பட்டியலைப் பார்த்துக் கண் கலங்கி வந்த ஒரு மாப்பிள்ளைப் பையனுக்கு, எல்லாம் பரணில் பத்திரமாக இருக்கிறது என்று காட்டி அனுப்பினேன். காசு வாங்கவில்லை.

மியூட் வேறு மாதிரி. சாட் முன்னறையிலேயே உட்கார்ந்திருக்கும், வாயை மட்டும் மூடிக்கொள்ளும். புது மெசேஜ் வந்தால் போன் ஒலிக்காது, அதிராது. ஆனால் அந்தச் சாட் பட்டியலில் மேலே ஏறி வரும், படிக்காத எண்ணிக்கை பக்கத்திலேயே நிற்கும். வாட்ஸ்அப்பைத் திறந்தால் கண்ணில் பட்டே தீரும். அந்த அம்மா ஆர்க்கைவுக்குப் பதிலாக மியூட் செய்திருந்தால், இரவு படுக்கப் போகுமுன் ஒருதரம் வாட்ஸ்அப்பைத் திறந்திருந்தாலே குரூப் மேலே நின்றிருக்கும், குடமும் நிரம்பியிருக்கும்.

மியூட்டில் எவ்வளவு நேரம் என்று கேட்கும். 8 மணி நேரம், 1 வாரம், எப்போதும் என்று மூன்று. "எப்போதும்" என்பது 2020 அக்டோபரில் வந்தது. அதற்கு முன் அந்த இடத்தில் 1 வருடம் என்றுதான் இருந்தது. இந்த 8 மணி நேரத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நிம்மதியாகத் தூங்கலாம் என்று இரவு 9 மணிக்கு மியூட் போடுகிறீர்கள். அது முடிவது காலை 5 மணிக்கு. நம் ஊர்க் குரூப்களில் காலை வணக்கம் தொடங்குவதும் சரியாக அதே நேரத்துக்குத்தான்.

சரி, இப்போது இதற்கு நேர் எதிரான வழக்கு ஒன்று. ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். சொந்தக்காரர்கள் நாற்பது பேர் இருக்கும் குரூப்பை ஆர்க்கைவ் செய்திருக்கிறார். ஆனாலும் ராத்திரி பத்து மணிக்கு மேல் டிங், டிங் என்று அடித்துக்கொண்டே இருந்ததாம். "உங்க ஆர்க்கைவ் வேலை செய்யலைப்பா" என்று என்னமோ நான்தான் அதைச் செய்து விற்றது மாதிரி கோபித்துக்கொண்டார்.

குரூப்பைத் திறந்து மேலே தள்ளிக்கொண்டே போனேன். அன்று மாலை அவரே பேத்தியின் முதல் பிறந்தநாள் படத்தைப் போட்டிருந்தார். ஆர்க்கைவ் செய்த குரூப்பிலும் போடலாம், அதற்குத் தடை இல்லை. அந்தப் படத்தைப் பலரும் விரலால் பக்கவாட்டில் இழுத்து, அதற்கு நேராகப் பதில் எழுதியிருந்தார்கள். "வாழ்த்துகள் சித்தப்பா", "வாழ்த்துகள் மாமா", வரிசையாக. அங்கேதான் இருந்தது விஷயம். ஆர்க்கைவ் செய்த குரூப்பாக இருந்தாலும் இரண்டு சமயத்தில் வாட்ஸ்அப் சத்தம் கொடுக்கும். @ போட்டு உங்கள் பெயரை யாராவது கூப்பிட்டால் ஒன்று. நீங்கள் எழுதிய மெசேஜை இழுத்து அதற்குப் பதில் கொடுத்தால் இன்னொன்று. மியூட் செய்த குரூப்பிலும் இதே கதைதான். வாழ்த்துகள் என்று சாதாரணமாக எழுதிவிட்டுப் போனவர்களின் மெசேஜுக்குச் சத்தம் வரவில்லை. இழுத்து எழுதிய பாசக்கார மருமகப் பிள்ளைகள்தான் அவரை எழுப்பியிருக்கிறார்கள்.

இந்த இரண்டு வழக்கையும் சேர்த்துப் பார்த்தால் தண்ணீர் அறிவிப்பு ஏன் போய்ச் சேரவில்லை என்பது புரியும். செயலாளர் "அனைவருக்கும் வணக்கம்" என்று தொடங்கி எழுதியிருந்தார். அதில் @ இல்லை, யாருக்கும் பதிலும் இல்லை. எவ்வளவு அவசரமான சேதி என்பது ஆப்புக்குத் தெரியாது. தண்ணீர் வராது என்பதும் ரோஜாப்பூவும் அதற்கு ஒன்றுதான். யாராவது @ போட்டு அந்த அம்மாவைக் கூப்பிட்டிருந்தால் போன் ஒலித்திருக்கும், "Archived" வரியின் ஓரத்திலும் எண்ணுக்குப் பதிலாக @ குறி தெரிந்திருக்கும். அந்தக் குறியைப் பார்த்தால் உள்ளே உங்களை நேராகத் தேடியிருக்கிறார்கள் என்று அர்த்தம், தள்ளிப்போடாதீர்கள்.

அழைப்பைப் பற்றியும் கேட்பார்கள். ஒருவருடைய சாட்டை ஆர்க்கைவ் செய்தாலும் மியூட் செய்தாலும் அவர் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டால் மணி அடிக்கும். இவை இரண்டும் மெசேஜுக்கு மட்டும்தான்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், நீங்களே சோதித்துப் பாருங்கள். வீட்டில் இன்னொரு போன் இருந்தால் போதும். இரண்டு பேர் மட்டும் இருக்கும் ஒரு குரூப் தொடங்கி, அதில் நீங்கள் ஏதாவது ஒரு வரி எழுதுங்கள். பிறகு உங்கள் போனில் அந்தக் குரூப்பை விரலால் அழுத்திப் பிடித்தால் மேலே கீழ்நோக்கிய அம்புக்குறியோடு ஒரு பெட்டிப் படம் வரும், அதைத் தொட்டு ஆர்க்கைவ் செய்யுங்கள். ஐபோன் என்றால் இடது பக்கம் இழுத்தால் வரும். வாட்ஸ்அப்பை விட்டு வெளியே வந்து திரையை அணைத்துவிடுங்கள், சாட் திறந்தே இருந்தால் சோதனை தப்பாகிவிடும். இப்போது மற்ற போனிலிருந்து முதலில் சும்மா ஒரு மெசேஜ். சத்தம் வராது. அடுத்து @ போட்டு உங்கள் பெயர். வரும். மூன்றாவதாக உங்கள் வரியை இழுத்து ஒரு பதில். அதற்கும் வரும். வரவில்லை என்றால் போனே சைலன்டில் கிடக்கிறதா, வாட்ஸ்அப்புக்கான அறிவிப்பே அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். முதல் மெசேஜுக்கே சத்தம் வந்து குரூப்பும் வெளியே வந்துவிட்டால், நான் சொன்ன "Keep chats archived" ஸ்விட்ச் அணைந்திருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. இதெல்லாம் வாட்ஸ்அப் கதை. டெலிகிராமில் அதே வார்த்தைக்கு வேறு நடத்தை. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் ஒரு பெண், டெலிகிராம் சானல் ஒன்றை இரவில் ஆர்க்கைவ் செய்கிறேன், காலையில் திரும்பப் பட்டியலில் நிற்கிறது என்றார். அங்கே அதுதான் வழக்கம். மியூட் செய்யாத சாட்டுக்குப் புது மெசேஜ் வந்தால் அது ஆர்க்கைவிலிருந்து வெளியே வந்துவிடும். மியூட் செய்திருந்தால் உள்ளேயே தங்கும். அதனால் டெலிகிராமில் முதலில் மியூட், பிறகு ஆர்க்கைவ். சிக்னலிலும் ஆர்க்கைவ் செய்தது புது மெசேஜுக்கு வெளியே வரும். மியூட் செய்தவை உள்ளேயே இருக்க, அங்கே சாட் அமைப்புகளில் "Keep muted chats archived" என்று தனியாக ஒரு ஸ்விட்ச் உண்டு.

அந்த அபார்ட்மென்ட்டில் கடைசியில் என்ன செய்தார்கள் என்று கேட்பீர்கள். அந்த அம்மாவே செயலாளரிடம் போய்ப் பேசி, அட்மின் மட்டும் எழுதக்கூடிய மாதிரி இரண்டாவது குரூப் ஒன்று தொடங்க வைத்தார். தண்ணீர், லிஃப்ட், பராமரிப்புப் பணம் எல்லாம் அதில் வரும். அது பரணுக்கும் போகவில்லை, மியூட்டும் ஆகவில்லை. ரோஜாப்பூக் குரூப் ஆர்க்கைவிலேயே இருக்கிறது. போன வாரம் டெம்பர்டு கிளாஸ் ஒட்ட வந்தபோது அதன் எண்ணிக்கையைக் காட்டினார், 600-ஐத் தாண்டியிருந்தது.

வணக்கம்.