பெசல் ஃபங்ஷன்: கீழ இருந்து ஏறினா தப்பு, மேல இருந்து இறங்கினா சரி. ஏன்?

வணக்கம். இன்னைக்கு ஒரே ஒரு ஃபார்முலா, அதை ரெண்டு திசையில ஓட்டிப் பார்க்கப் போறோம்.

[திரையில்]
```
J(n+1) = (2n/x)·J(n) − J(n−1)
```

இது J-ங்கிற பெசல் ஃபங்ஷனோட ரிகரன்ஸ், n-ங்கிறது அதோட வரிசை எண். பக்கத்து பக்கத்துல இருக்கிற ரெண்டு மதிப்பு தெரிஞ்சா அடுத்தது கிடைச்சிரும். x = 1னு வச்சுக்குவோம், J0 = 0.765198, J1 = 0.440051, ஆறு டெசிமலோட நிறுத்தியாச்சு. இப்போ பேப்பர் பேனா எடுத்து நீங்களும் கூடவே போடுங்க.

J2க்கு 2 × 0.440051ல இருந்து 0.765198 கழிச்சா 0.114904, கிட்டத்தட்ட சரியாத்தான் இருக்கு. J3 0.019565, J4 0.002486, இதுல கடைசி ரெண்டு இலக்கம் லேசா ஆடுது, உண்மை மதிப்பு 0.002477. J5 0.000323னு வருது, வரவேண்டியது 0.000250. அப்புறம் J6 பாருங்க, 0.000744! குறைஞ்சுகிட்டே வந்தது திடீர்னு ஏறுது. J7 0.008605, J8 0.119726, J9 1.907011. J எந்த n-க்கும் 1ஐ தாண்டவே தாண்டாது, அதனால இது குப்பைன்னு டேபிளை பார்க்காமலே சொல்லிடலாம்.

இதுல முக்கியமா கவனிக்க வேண்டியது என்னன்னா, ஆரம்பத்துக்கு அப்புறம் நாம எங்கயுமே ரவுண்ட் பண்ணல, முழு எண்ணால பெருக்கி கழிச்சோம், அவ்வளவுதான், ஒவ்வொரு ஸ்டெப்பும் துல்லியம். தப்பு மொத்தமும் முதல் ரெண்டு எண்ணோட ஏழாவது டெசிமல்ல இருந்துதான் வந்துச்சு.

எப்படின்னா, இந்த ரிகரன்ஸுக்கு J மட்டும் விடை இல்ல, Yனு இன்னொரு விடையும் இருக்கு, அதுவும் இதே ஃபார்முலாவுக்கு அப்படியே பொருந்தும். x = 1ல n ஏற ஏற J படுவேகமா சுருங்குது, Y அதே வேகத்துல வீங்குது, Y7 கிட்டத்தட்ட −30589. நாம ரவுண்ட் பண்ணின எண்கள் சுத்தமான J கிடையாது, J கூட கொஞ்சூண்டு Y கலந்த கலவை. எவ்வளவு கலந்திருக்குன்னு கணக்கு போட்டா சுமார் −0.00000028 மடங்கு. அதை Y7ஓட பெருக்குங்க, 0.0086 வருது. நமக்கு J7னு கிடைச்சது அதேதான், அதுல J இருக்கிற இடமே தெரியல!

டபுள் பிரிசிஷன் போட்டா தப்பிச்சிரலாமான்னு கேப்பீங்க. முடியாது, கொஞ்ச தூரம் தள்ளிப் போகும் அவ்வளவுதான், n = 12 வரும்போது அதுவும் காலி.

சரி, திசையை திருப்புவோம். n குறையக் குறைய Y சுருங்கும், J வளரும். அப்போ மேல எங்கயோ ஆரம்பிச்சு இறங்கினா, ஆரம்ப மதிப்புல எவ்வளவு Y கலந்திருந்தாலும் அது தானா கரைஞ்சு போகணும்ல? அதனால ஆரம்ப மதிப்பு தெரியவே வேண்டாம், சும்மா f9 = 0, f8 = 1னு வைங்க.

[திரையில்]
```
f(n−1) = 2n·f(n) − f(n+1)

f7 = 16
f6 = 223
f5 = 2660
f4 = 26377
f3 = 208356
f2 = 1223759
f1 = 4686680
f0 = 8149601
```

இதெல்லாம் J இல்ல, ஆனா ஏறக்குறைய Jஓட ஒரே மடங்கு. அந்த மடங்கு எவ்வளவுன்னு கண்டுபிடிக்க ஒரு அருமையான சமன்பாடு இருக்கு, J0 + 2(J2 + J4 + J6 + …) = 1. நம்ம f-களை அதுல போட்டா 10650321 வருது, எல்லாத்தையும் இதால வகுங்க. f0 0.76519769, எட்டு டெசிமலும் சரி. f5 0.00024975773, உண்மை மதிப்பும் அதேதான். 0, 1னு கண்ணை மூடிட்டு வச்ச எண்ணுல இருந்து இது வருதுங்க, எனக்கு இன்னைக்கும் இது ஆச்சரியம்தான்.

தெரிஞ்ச J0ஐ வச்சே வகுக்கலாமேன்னு தோணும், x = 1க்கு தாராளமா செய்யலாம். ஆனா x 2.4048 பக்கத்துல J0 கிட்டத்தட்ட பூஜ்யம், அங்க வகுத்தா மாட்டிக்குவீங்க, கூட்டுத்தொகைதான் பாதுகாப்பு.

இதுக்கு மில்லர் அல்காரிதம்னு பேரு, ஜே.சி.பி. மில்லர் 1952ல வெளிவந்த பிரிட்டிஷ் அசோசியேஷன் பெசல் டேபிள்ஸ்ல பயன்படுத்தினது.

ஒரு விஷயம், ஆரம்பிச்ச இடத்துக்கு பக்கத்துல இருக்கிற மதிப்பை நம்பாதீங்க. f8ஐ வகுத்தா 0.0000000939, உண்மையான J8 0.0000000942, மூணாவது இலக்கத்துலயே தப்பு, அங்க Y இன்னும் கரையல. அதனால J8 வேணும்னா 8ல ஆரம்பிக்காம 14, 15ல ஆரம்பிங்க, அப்புறம் இன்னும் அஞ்சு தள்ளி ஒருவாட்டி ஓட்டிப் பாருங்க, உங்களுக்கு வேணுங்கிற இலக்கம் மாறலன்னா போதும்.

அதே மாதிரி எல்லா இடத்துலயும் இறங்கணும்னு இல்ல. x = 50னா n 50ஐ நெருங்குற வரைக்கும் J, Y ரெண்டும் ஏறி இறங்கி ஆடிட்டுதான் இருக்கும், ஒண்ணு இன்னொண்ணை முழுங்காது, அதுவரைக்கும் மேல ஏறியே கணக்கு போடலாம். உங்களுக்கு Y-தான் வேணும்னா எப்பவுமே மேல நோக்கித்தான் போகணும், ஏன்னா அங்க வீங்குறதே நமக்கு வேண்டிய விடை.