பதினெட்டு பாக்கெட் பொடி

நேயர்களுக்கு வணக்கம்.

சிறிய அளவில் பொடி, ஊறுகாய், வற்றல் போட்டு விற்கிறவர்கள் இன்று நம் ஊர்களில் ஏராளம். உணவு பதப்படுத்தலை நான் பல வருடம் பாடமாகச் சொல்லிக் கொடுத்தவன். என்னிடம் படித்துவிட்டுத் தொழிலில் இறங்கியவர்கள் ஏதாவது சிக்கல் வந்தால் இன்றும் போன் செய்வார்கள். அப்படி வந்த ஒரு போனைப் பற்றித்தான் பேசப் போகிறேன். விற்ற பொருளைத் திரும்பப் பெற வேண்டி வந்தால், போனில் ஒரு படம் போட்டு அதன் கீழே பத்து வரி எழுதுகிறோமே, அந்தப் பத்து வரிதான் இன்றைக்கு விஷயம்.

ஈரோடு பக்கம் ஒரு பெண்மணி. வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட், இரண்டு வாணலி, ஒரு பல்வரைசர், கையால் மூடும் சீலிங் மெஷின், உதவிக்கு மூன்று பேர். ஜூன் 14-ஆம் தேதி ஒரே நாளில் இரண்டு பொடி அரைத்திருக்கிறார். இட்லிப் பொடி 20 கிலோ, வேர்க்கடலைப் பொடி 10 கிலோ. 200 கிராம் பாக்கெட்டாகப் போட்டால் முதலாவது 100, இரண்டாவது 50. பொடியை நிரப்பி மூடிய பிறகுதான் லேபிள் ஒட்டுவார்கள். தொகுதி எண், பேட்ச் நம்பர் என்கிறோமே, அது லேபிளிலேயே அச்சாகி வரும்.

நாலு நாள் கழித்து அடுத்த அரைப்புக்கு லேபிள் ரோலை எடுக்கிறார். வேர்க்கடலைப் பொடிக்கு அச்சடித்தது 50 லேபிள். எல்லாம் தீர்ந்திருக்க வேண்டும், ஆனால் 18 மிச்சம். இட்லிப் பொடிக்கு அச்சடித்தது 150. மிச்சம் 50 இருக்க வேண்டும், இருந்தது 32. அங்கேயும் 18. ஒரு பக்கம் 18 கூட, இன்னொரு பக்கம் அதே 18 குறைச்சல். கணக்குப் பிள்ளை தேவையில்லை பாருங்கள். ஒரு ட்ரே வேர்க்கடலைப் பொடி இட்லிப் பொடி மேசைக்குப் போய், இட்லிப் பொடி லேபிளோடு வெளியே போய்விட்டது.

போனில் அவர் கேட்ட முதல் கேள்வி: "சார், 18 பாக்கெட்தானே, அதை மட்டும் திரும்பக் கேட்டால் போதாதா?"

"எந்தப் பதினெட்டு என்று உனக்குத் தெரியுமா அம்மா?" என்றேன். பதில் இல்லை. இட்லிப் பொடி லேபிளோடு இருப்பது இப்போது 118 பாக்கெட். அந்த 118-க்கும் ஒரே தொகுதி எண். அதனால் திரும்பப் பெற வேண்டியதும் 118. ஷெட்டில் மீதி இருந்த 22-ஐப் பிரித்துப் பார்த்தார். 5-இல் வேர்க்கடலைப் பொடி. அப்படியென்றால் வெளியே போன 96-இல் 13 இருக்கிறது. கூரியரில் போனது 41, மூன்று கடைகளுக்குப் போனது 55.

பொடி மாறியதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று சிலர் நினைக்கலாம். வேர்க்கடலை அலர்ஜி உள்ள ஒருவருக்கு அரை ஸ்பூன் கூட வேண்டாம், விரலில் ஒட்டியதே போதும். சில நிமிடத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உடம்பில் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, மூச்சுத் திணறல் என்று போகலாம். வறுப்பதால் அந்தப் புரதம் சாகாது. பாக்கெட்டில் வேர்க்கடலை இருந்தால் அதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று 2020-ஆம் வருட லேபிள் விதிகளிலேயே இருக்கிறது. இது தெரிந்து, லேபிளைப் படித்து, 'இதில் வேர்க்கடலை இல்லை' என்று நம்பி வாங்குகிற ஒரு தாய் இருப்பாள் அல்லவா? இந்த அறிவிப்பு முதலில் அவளுக்குத்தான் எழுதப்படுகிறது. மற்றவர்களுக்கு அப்புறம்.

சரி, அவர் எழுதிய முதல் வடிவத்தைப் படிக்கிறேன். "எங்கள் அன்பு வாடிக்கையாளர்களே, பாட்டி காலத்துப் பக்குவத்தில், தரத்தில் என்றும் சமரசம் செய்யாத நாங்கள், தவிர்க்க முடியாத காரணத்தால் ஒரு சிறு தவறு நேர்ந்ததை வருத்தத்துடன் தெரிவிக்கிறோம். யாரும் பதற வேண்டாம். சில இட்லிப் பொடி பாக்கெட்டுகளில் கடலை கலந்துவிட்டது. கடலை சேராதவர்கள் எங்களைத் தொடர்பு கொள்ளவும்."

நல்ல மனசோடு எழுதியதுதான். ஆனால் இதில் உயிரை எடுக்கக்கூடிய சொல் இரண்டு இருக்கிறது.

ஒன்று, 'கடலை'. இது என் பழைய பல்லவி, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். தமிழில் கடலை என்றால் எது? கடலைப்பருப்பு கடலை. பொட்டுக்கடலை கடலை. கொண்டைக்கடலை கடலை. பேருந்து நிலையத்தில் பொட்டலத்தில் விற்கிறதும் கடலை. இட்லிப் பொடியில் கடலைப்பருப்பு எப்போதும் உண்டு, சிலர் பொட்டுக்கடலையும் போடுவார்கள். 'இட்லிப் பொடியில் கடலை கலந்துவிட்டது' என்று படிக்கிறவர், 'அது எப்போதும் இருக்கிறதுதானே' என்று அடுத்த படத்துக்குப் போய்விடுவார். அவர் மேல் தப்பே இல்லை.

அப்போ வேர்க்கடலை என்று எழுதினால் போதுமா? ஈரோட்டுப் பொடி ஈரோட்டிலேயே நிற்பதில்லை. சில ஊர்களில் நிலக்கடலை என்பார்கள். விழுப்புரம், கடலூர் பக்கம் மல்லாட்டை. மணிலாக் கொட்டை என்பது வாயில் தேய்ந்து மல்லாட்டை ஆனது. இலங்கையில் உள்ளவரானால் கச்சான். என் வகுப்பில் ஒரு விழுப்புரம் பையன் இருந்தான். முதல் வாரம் நான் நிலக்கடலை, நிலக்கடலை என்று பாடம் நடத்த, மூன்றாம் நாள் எழுந்து, "சார், நீங்க மல்லாட்டையத்தான் சொல்றீங்களா?" என்றான். வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து இந்தப் பயிரின் பெயரை எங்கே எழுதினாலும் இரண்டு பெயராவது சேர்த்தே எழுதுகிறேன். உங்கள் பொருள் எந்த ஊருக்கெல்லாம் போயிருக்கிறதோ, அந்த ஊர்ப் பெயர் அறிவிப்பில் இருக்க வேண்டும்.

இரண்டாவது சொல் 'சேராது'. கத்தரிக்காய் சேராது, தயிர் சேராது என்கிறோம். வாயு, பித்தம், முகப்பரு, எல்லாவற்றுக்கும் நமக்கு அந்த ஒரு சொல்தான். மூச்சு அடைப்பதையும் வயிறு உப்புவதையும் ஒரே சொல்லில் போட்டால் படிக்கிறவர் லேசானதைத்தான் எடுத்துக்கொள்வார். 'அலர்ஜி' என்றே எழுதுங்கள். பெட்டிக்கடைக்காரருக்கும் தெரிந்த சொல் அது.

'பதற வேண்டாம்' என்பதையும் எடுக்கச் சொன்னேன். ரயிலில் யாராவது வந்து பதற வேண்டாம் என்றால் நாம் என்ன செய்வோம்? முதலில் பதறுவோம். எது, யாருக்கு, என்ன செய்வது என்று அடுக்கிச் சொல்லிவிட்டால் பதற்றம் தானே அடங்கும். பாட்டியையும் எடுக்கச் சொன்னேன். போனில் படத்துக்குக் கீழே முதல் ஒன்றிரண்டு வரிதான் தெரியும், மீதி மடங்கிக் கிடக்கும். அந்த ஒன்றிரண்டு வரியைப் பாட்டி பிடித்துக்கொண்டால் தொகுதி எண்ணை யார் பார்ப்பது?

கடைசியில் போன வடிவம் இது. நிதானமாகப் படிக்கிறேன், கேளுங்கள்.

"இட்லிப் பொடி, 200 கிராம், தொகுதி எண் 0614. இதைச் சாப்பிட வேண்டாம், திரும்பப் பெறுகிறோம். சில பாக்கெட்டுகளில் இட்லிப் பொடிக்குப் பதில் வேர்க்கடலைப் பொடி இருக்கிறது. வேர்க்கடலை என்பது நிலக்கடலை, மல்லாட்டை. லேபிளில் அது எழுதப்படவில்லை. வேர்க்கடலை அலர்ஜி உள்ளவர்களுக்கு இது உயிருக்கு ஆபத்து. தொகுதி எண் பாக்கெட்டின் பின்பக்கம், கீழே வலது மூலையில் இருக்கிறது. பொடியை டப்பாவில் கொட்டி, கவரைத் தூக்கிப் போட்டிருந்தால், ஜூன் 15 முதல் 18 வரை வாங்கியது எல்லாவற்றையும் இதே தொகுதியாக எடுத்துக்கொள்ளுங்கள். ருசித்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முயல வேண்டாம். யாருக்காவது கொடுத்திருந்தால் அவர்களிடம் சொல்லுங்கள். பாக்கெட்டையோ டப்பாவையோ படம் எடுத்து எங்களுக்கு அனுப்புங்கள், முழுப் பணமும் திரும்ப வரும், பில் தேவையில்லை. படம் அனுப்பிய பிறகு பொடியைக் கவரில் கட்டிக் குப்பையில் போட்டு, டப்பாவையும் ஸ்பூனையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சாப்பிட்ட யாருக்காவது உதடு வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே 108-ஐ அழையுங்கள், பிறகு எங்களுக்குச் சொல்லலாம். வேறு எந்தத் தொகுதியிலும் இந்தத் தவறு இல்லை. லேபிள் ஒட்டும்போது எங்களிடம் நடந்த தவறு இது. மன்னிக்கவும்."

டப்பா வரியைக் கவனித்தீர்களா? நம் வீட்டில் எந்தப் பொடியாவது பாக்கெட்டிலேயே இருக்கிறதா? வந்த அன்றே எவர்சில்வர் டப்பாவுக்குப் போய்விடும், கவர் குப்பைக்குப் போய்விடும். தொகுதி எண்ணை மட்டும் சொல்கிற அறிவிப்பு நம் சமையலறைக்குப் பாதிதான் உதவும். அதனால்தான் வாங்கிய தேதி. 'யாருக்காவது கொடுத்திருந்தால்' என்பதும் அப்படித்தான். ஹாஸ்டலில் இருக்கிற பையனுக்குப் பாதி, பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம் என்று பொடி பிரிந்து போகும். வாங்கியவருக்கு மட்டும் போன் செய்தால் தின்றவர் விட்டுப் போவார்.

ருசிக்க வேண்டாம் என்பது பற்றி ஒரு வார்த்தை. வேர்க்கடலைப் பொடி கொஞ்சம் வெளிறி, எண்ணெய்ப் பிசுக்கோடு கட்டி தட்டும். பழகிய கண்ணுக்குத் தெரியும். அதை எழுதலாமா என்று அவர் கேட்டார். எழுதாதே என்றேன். எழுதினால் ஆளாளுக்குப் பாக்கெட்டைப் பிரித்து, நாக்கில் வைத்து, 'நம்முடையது நல்லதுதான்' என்று தீர்ப்பு சொல்லுவார்கள்.

இன்னொன்று. படம் கீழே இருக்கிற எழுத்தை விட்டுவிட்டுத் தனியாக ஊர் சுற்றும். வாட்ஸ்அப் குழுக்களில் பார்க்கிறீர்களே. ஆகவே பெயர், தொகுதி எண், சாப்பிட வேண்டாம், வேர்க்கடலை, அறிவிப்புத் தேதி வருடத்தோடு, இவை படத்துக்குள்ளேயே எழுதியிருக்க வேண்டும். தேதி இல்லாத படம் அடுத்த வருடமும் சுற்றி வந்து, நல்ல பொடியை விற்க விடாமல் செய்யும்.

படம் போட்டதோடு வேலை முடிந்தது என்று இருக்கக் கூடாது. 2006-ஆம் வருட உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு, பொருளைத் திரும்பப் பெறுகிறவர் அதிகாரிகளுக்கும் தெரிவிக்க வேண்டும் என்கிறது. மாவட்ட நியமன அலுவலருக்கு அன்றே எழுதச் சொன்னேன். கூரியரில் வாங்கிய எல்லோருக்கும் ஒவ்வொருவராகப் போன்; படத்தை நம்பியிருக்கவில்லை. கடைகளுக்கு...

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தானாம். கடைகளைப் பற்றித் தனியாகவே சொல்ல வைத்திருந்தேன், போகட்டும். சுருக்கமாக: கடைக்காரர் அலமாரியிலிருந்து எடுத்தால் மட்டும் போதாது, கல்லாப் பக்கத்தில் அதே அறிவிப்பை ஒட்ட வேண்டும். கடையில் வாங்கியவரின் போன் நம்பர் நம்மிடம் இல்லையே.

பத்து நாளில் வெளியே போன 96-இல் 83-க்குக் கணக்கு வந்தது. வேர்க்கடலைப் பொடி இருந்த 13-இல் 11 கிடைத்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மீதி இரண்டுக்காக அதே அறிவிப்பை, '83 வந்துவிட்டது, 13 பாக்கெட் இன்னும் வெளியே இருக்கிறது' என்ற ஒரு வரியைச் சேர்த்து மறுபடி போட்டார். இப்போது அவர் ஷெட்டில் வேர்க்கடலை அரைப்பது வெள்ளிக்கிழமை மட்டும், வாரத்தின் கடைசி வேலையாக. அன்று சாயங்காலமே லேபிள் ரோலை எண்ணிச் சுவரில் எழுதுகிறார்கள். பல்வரைசரைக் கழுவுவது பற்றி... இல்லை, நேரமாகிவிட்டது. வணக்கம்.